நூலோவியம்: திரையில் தெளிந்த முகம் பலகையில் ஏன் கருத்துப்போகிறது

கேள்வி: அம்மாவின் புகைப்படத்தை நூலோவியமாகச் செய்கிறேன். 60 செ.மீ. வட்டப் பலகை, 200 ஆணி, கருப்புத் தையல் நூல். புரோகிராமில் படத்தை 500 பிக்சலாகவும் நூலின் கருமையை 20 ஆகவும் வைத்தேன். திரையில் 3,000 கோட்டில் முகம் அழகாக வந்தது. பலகையில் சுற்றினால் முகமே கருத்துப்போய்க் கண்கள் மங்கிவிட்டன. எத்தனை ஆணி வேண்டும்? நூலின் கருமையை எவ்வளவு வைக்க வேண்டும்? கோடுகளை எந்த வரிசையில் போட வேண்டும்?

உங்கள் கை வேலையில் தவறு இல்லை. நீங்கள் வைத்த அந்த 20 என்ற எண்ணில்தான் தவறு. பலரும் அதைக் கண்ணுக்கு எப்படிப் படுகிறதோ அப்படி ஏற்றி இறக்கி வைக்கிறார்கள். உண்மையில் அது அளந்து கண்டுபிடிக்க வேண்டிய எண். அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் எத்தனை கோடு வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும். அதனால் ஆணியைப் பிறகு பார்ப்போம், நூலிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் நூலை ஓர் அளவுகோலின் மேல் இடைவெளி இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், 50 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய பட்டையின் அகலத்தை 50-ஆல் வகுத்தால் நூலின் தடிமன் கிடைக்கும். சாதாரணத் தையல் நூலுக்குப் பட்டை 10 மி.மீ. அளவில் வரும், அதாவது நூல் 0.2 மி.மீ. உங்கள் நூலும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். வேறாக இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பிக்சலைப் பாருங்கள். 600 மி.மீ. பலகையை 500 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சல் 1.2 மி.மீ. அதன் குறுக்கே போகும் 0.2 மி.மீ. நூல் அந்தப் பிக்சலில் ஆறில் ஒரு பங்கை மறைக்கும். முழுக் கருமைக்கான 255-இல் ஆறில் ஒரு பங்கு ஏறக்குறைய 43. நீங்கள் வைத்தது 20. அதாவது, திரையில் இருந்த நூல் உங்கள் கையிலிருந்த நூலைவிடப் பாதிக்கும் மெல்லியது, 0.094 மி.மீ. தடிமன் உள்ளது. அந்த மெல்லிய நூலுக்காகத் தேர்ந்தெடுத்த 3,000 கோடுகளைத் தடித்த நூலால் இழுத்திருக்கிறீர்கள்.

அதன் விளைவையும் கணக்கில் பார்த்துவிடலாம். மிக அருகிலுள்ள ஆணிகளுக்குப் போகக்கூடாது என்று சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தவிர்த்தால், 60 செ.மீ. வட்டத்தில் ஒரு கோட்டின் சராசரி நீளம் 44 செ.மீ. 3,000 கோடுகளின் நூலை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் பலகையின் 94 சதவீதத்தை மூடும். ஆனால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. நூலின் மேல் விழுந்த நூல் புதிதாக எதையும் மறைப்பதில்லை. வெட்டுகள் பரவலாக விழும்போது உண்மையில் மூடப்படும் பங்கு 1 − e^(−x). இங்கே x = 0.94, ஆகவே மூடுவது 61 சதவீதம். திரையில் உங்களுக்குத் தெரிந்தது 44 சதவீதம்.

சராசரி கூடியது மட்டுமல்ல சிக்கல். திரையில் 20 சதவீதம் கருமையாகத் தெரிந்த கன்னம் பலகையில் 35 ஆகிவிட்டது, 70 சதவீதமாக இருந்த கூந்தல் 77-இல் நின்றுவிட்டது. வெளிச்சமான இடங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகக் கருத்தன. கருத்த இடங்களுக்கோ மேலே ஏற இடமே இல்லை. கண்ணுக்கும் கன்னத்துக்கும் இருந்த வேறுபாடு சுருங்கியதால்தான் கண்கள் மங்கிப்போனதாகத் தெரிகிறது. கண்களில் நூல் குறையவில்லை, கன்னத்தில் கூடிவிட்டது.

நூல் தடித்துத் தெரிகிறதே என்று சாம்பல் நிற நூலுக்கு மாறிவிடாதீர்கள். இது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சாம்பல் நூலை எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் அது தன் சாம்பலைத் தாண்டிக் கருக்காது, கூந்தலும் கருவிழியும் வெளுத்தே நிற்கும். மென்மை வேண்டுமென்றால் நூலை மெல்லியதாக்குங்கள், நிறத்தைக் கருப்பாகவே வையுங்கள். முடிந்தவரை பளபளக்காத கருப்பு. பளபளக்கும் நூல் விளக்கொளியைத் திருப்பி வீசும், ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கோடுகள் வெள்ளியாக மின்னும்.

கோடுகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். 2016-இல் கிரேக்கக் கலைஞர் பெட்ரோஸ் விரெல்லிஸ் வட்டச் சட்டத்தில் 200 முளைகளும் 3,000 முதல் 4,000 வரையான கோடுகளுமாகச் செய்த உருவப்படங்கள் உலகெங்கும் பரவின. அதற்குப் பிறகு 3,000 என்பது ஒரு விதிபோல நிலைத்துவிட்டது. அது அந்தச் சட்டத்துக்கும் அந்த நூலுக்கும் பொருந்திய எண். பலகையின் விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும், கோட்டின் நீளமோ பாதியாகத்தான் குறையும். ஆகவே அதே கருமைக்குப் பாதிக் கோடுகள் போதும். நூலின் தடிமன் இரட்டித்தாலும் அப்படியே. பலகையும் நூலும் தெரியாமல் கோட்டு எண்ணிக்கையை மட்டும் கடன் வாங்க முடியாது.

உங்கள் பலகைக்குக் கணக்கிடுவோம். படத்தை 600 பிக்சலாக வைத்துக்கொள்ளுங்கள். பிக்சல் 1 மி.மீ., நூல் மறைக்கும் பங்கு 0.2 என்று எண்கள் சுத்தமாக இருக்கும் (255 கணக்கில் 51). ஒவ்வொரு பிக்சலுக்கும் பிரகாசத்தை 0 முதல் 1 வரை எடுத்து, அதன் இயல் மடக்கையை மாற்றுக்குறியோடு எழுதுங்கள். நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை முதலிலேயே கணக்கில் சேர்ப்பதற்கான வழி இது. பாதிப் பிரகாசமுள்ள பிக்சலுக்கு 0.69 வரும். அதை 0.2-ஆல் வகுத்தால், அந்த இடத்தின் மேல் சராசரியாக மூன்றரை நூல் கடக்க வேண்டும் என்று பொருள். வட்டம் முழுவதற்கும் இந்த எண்ணின் சராசரி 0.65 என்று வைப்போம், சாம்பல் பின்னணியில் கருங்கூந்தலோடு இருக்கும் முகத்துக்கு ஏற்ற அளவு அது. பலகையின் பரப்பு ஏறக்குறைய 2,82,700 சதுர மி.மீ. அதை 0.65-ஆல் பெருக்கி, ஒரு கோடு மறைக்கும் பரப்பான 0.2 × 443-ஆல் வகுத்தால் 2,070 சொச்சம் வருகிறது. நீங்கள் போட்டதைவிட 900 கோடு குறைவு. நூலும் ஏறக்குறைய 920 மீட்டர் போதும், ஆணியைச் சுற்றுவதற்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆணி. வட்டத்தின் நடுப்பகுதியில் ஒரே திசையில் போகும் இணைகோடுகளுக்கு இடையிலான தூரம் ஆணிகளின் இடைவெளிக்குச் சமம். வேறு திசைக் கோடுகள் குறுக்கே வந்து அந்த இடைவெளிகளை நிரப்பும் என்றாலும், ஆணி இடைவெளியைவிடச் சிறிய நுணுக்கத்தைப் படத்தில் எதிர்பார்க்கக் கூடாது. முகத்தில் மிகச் சிறிய, அதே நேரம் விட்டுக்கொடுக்க முடியாத நுணுக்கம் கருவிழி. ஆகவே ஆணி எண்ணிக்கையைக் கருவிழியை வைத்தே முடிவு செய்கிறேன்.

முகத்தின் அகலத்தைப் பலகையில் 33 செ.மீ. என்று வையுங்கள். முக அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம், ஆகவே ஒரு கண் 6.6 செ.மீ. கருவிழி அதில் ஐந்தில் இரண்டு பங்கு, 26 மி.மீ. 200 ஆணி என்றால் இடைவெளி 9.4 மி.மீ., கருவிழியின் குறுக்கே மூன்று இடைவெளிகூடத் தேறாது. 240 என்றால் 7.9 மி.மீ., மூன்றைத் தாண்டும். 300 என்றால் 6.3 மி.மீ., நான்கு இடைவெளி. மூன்றுக்குக் கீழே போனால் கண் வெறும் கரும்பூச்சாகத்தான் வரும், பார்வை எந்தப் பக்கம் என்பது தெரியாது. நான்கு இருந்தால் விழியின் வட்டம் பிடிபடும். அப்படியானால் 400 ஏன் கூடாது? இடைவெளி 5 மி.மீ.-க்கு வந்துவிடும். ஏற்கனவே நூல் ஏறிய பக்கத்து ஆணியைத் தொடாமல் கையால் நூலை நுழைப்பது அங்கே மிகக் கடினம், அடுத்த ஆணியில் தவறி மாட்டுவதும் கூடும். அதற்குப் பதில் முகத்தை நெருக்கமாக வெட்டி எடுங்கள். தோளும் கழுத்தும் தெரிய வேண்டும் என்று முகத்தை 22 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கினால், 300 ஆணியும் 200 ஆணி தரும் கண்ணைத்தான் தரும். உங்களுக்கு என் தேர்வு 240. பொறுமை இருந்தால் 300.

வட்டத்தின் சரியான மையத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 240 ஆணியில் எதிரெதிர் ஆணிகளை இணைக்கும் 120 விட்டங்களும் மையப்புள்ளி வழியாகவே போகின்றன. அவற்றுக்கு அடுத்த கோடுகள் மையத்திலிருந்து 3.9 மி.மீ. தள்ளித்தான் போக முடியும். அதனால் மையத்தில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி வளையங்களும் தோன்றலாம். அங்கே கண்ணையோ உதட்டையோ வைக்காதீர்கள். மூக்கின் நடுப்பகுதி அங்கே வருமாறு படத்தை நகர்த்துங்கள், மூக்கின் நிழல் அந்தப் புள்ளியை வாங்கிக்கொள்ளும்.

படத்தில் இன்னும் இரண்டு திருத்தங்கள் தேவை. நூல் பாதி வழியில் நிற்காது. கருவிழியைக் கருக்க வரும் ஒவ்வொரு கோடும் கன்னத்தையோ நெற்றியையோ கடந்து, பின்னணியையும் கடந்து விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும். பின்னணி தூய வெள்ளையாக இருந்தால் அந்தக் கோடுகள் எல்லாம் கீறலாகத் தெரியும். 40 சதவீதச் சாம்பல் கொடுத்தால் அதே கோடுகள் பின்னணியின் பங்காகவே ஆகிவிடும். அதேபோல முகத்தில் எந்த இடத்தையும் 15 சதவீதத்துக்குக் கீழே வெளுக்கச் சொல்லாதீர்கள், நூலால் அதைத் தர முடியாது. தர முடியாததைக் கேட்டால், கணக்கு அதற்காகக் கூந்தலின் கருமையைக் காவு கொடுக்கும்.

இனி கோடுகளைத் தேர்ந்தெடுப்பது. ‘வரிசை’ என்று நீங்கள் கேட்டதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. எந்தக் கோடுகள் வேண்டும் என்பது ஒன்று, அவற்றை எந்த வரிசையில் இழுப்பது என்பது இன்னொன்று. ஒரே நிற நூலில், கோடுகளின் தொகுப்பு மாறாதவரை, எதை முன்னால் இழுத்தாலும் முடிவில் படம் ஏறக்குறைய அதேதான். ஆகவே தேர்வில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

பெரும்பாலான புரோகிராம்கள், நிற்கும் ஆணியிலிருந்து எந்தக் கோட்டின் வழியில் மிகுந்த கருமை மீதமிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும். கூந்தலையும் கன்னத்தையும் சேர்த்துக் கடக்கும் கோடு, கூந்தலால் மதிப்பெண் வாங்கிக் கன்னத்தைக் கெடுத்துவிடும். ஏற்கனவே போதுமான நூல் விழுந்த இடத்தைக் கடப்பதற்கு அபராதம் வேண்டும். அதற்கு மீதக் கருமையைப் பார்க்காமல், பிழையின் வர்க்கம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்:

```python
import numpy as np

N = 240                                # ஆணிகளின் எண்ணிக்கை
k = 0.2                                # நூல் தடிமன் / பிக்சல் அளவு
R = -np.log(np.clip(B, 0.12, 0.85))    # B: பிரகாசம் 0..1

def gain(p):                           # p: கோடு கடக்கும் பிக்சல்கள்
    return (W[p] * (2*k*R[p] - k*k)).mean()

order, recent, cur = [0], [], 0
while True:
    best, g = None, 0
    for j in range(N):
        gap = min((j - cur) % N, (cur - j) % N)
        if gap < N // 12 or j in recent:
            continue
        s = gain(line[cur][j])
        if s > g:
            best, g = j, s
    if best is None:
        break
    R[line[cur][best]] -= k
    recent = (recent + [best])[-10:]
    order.append(best)
    cur = best
```

`R` ஒவ்வொரு பிக்சலிலும் இன்னும் தேவைப்படும் கருமை. அது k-இன் பாதிக்குக் கீழே போன இடங்களில் `gain` எதிர்மறையாகும், அதாவது அங்கே இன்னொரு நூல் போட்டால் நன்மையைவிடக் கேடு அதிகம். மேலே சொன்ன 15 சதவீத எல்லை `clip`-இல் இருக்கும் 0.85. `W` என்பது முக்கியத்துவ வரைபடம்: பொதுவாக எல்லா இடத்துக்கும் 1, கண்களுக்கும் உதட்டுக்கும் 3, பின்னணிக்கு 0.5 என்று வைக்கிறேன். கண்ணுக்கு 3-ஐத் தாண்டினால் இரு கண்களையும் இணைக்கும் குறுக்குக்கோடுகள் குவிந்து மூக்கின் மேல் ஒரு பட்டை விழுந்துவிடும். திரையில் அந்தப் பட்டையைக் கண்டால் எண்ணைக் குறையுங்கள்.

கோடு எண்ணிக்கையை இங்கே எங்குமே கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பயன் தரும் கோடு இல்லாதபோது அது தானே நிற்கும். நின்ற இடம் நாம் கணக்கிட்ட 2,070-க்கு அருகில் இருந்தால் எல்லாம் பொருந்தியிருக்கிறது. 800-லேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் இப்போது நிற்கும் ஆணி மட்டும் மாட்டிக்கொண்டிருக்கும், மற்ற ஆணிகளில் நல்ல கோடுகள் மீதமிருக்கும். அப்போது `cur`-ஐ வேறு ஆணிக்கு மாற்றித் தொடருங்கள். பலகையில் இதைச் செய்வது எளிது. நூலை அறுக்காமல், விளிம்பில் ஆணிக்கு ஆணி வெளிப்புறமாகவே நடத்திக்கொண்டு போய்த் தேவையான ஆணியில் சேருங்கள், படத்தில் அது தெரியாது.

விளிம்பில் நடத்தலாம் என்பது தெரிந்தபின் இன்னொரு வாய்ப்பும் திறக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அப்போதைக்கு எது நல்லதோ அதை எடுப்பதால், தொடக்கத்தில் எடுத்த சில கோடுகள் கடைசியில் தேவையற்றவையாக ஆகியிருக்கும். முடிந்தபின் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துப் பார்த்து, எடுத்தால் பிழை குறைகிறது என்றால் நீக்கிவிடுங்கள். சங்கிலி அறுந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். மீதமுள்ள கோடுகளை ஓர் ஆணியில் தொடங்கி நூல் பிடித்துப் போங்கள். போட வேண்டிய கோடு இல்லாத ஆணியில் நின்றுவிட்டால், கோடு மீதமிருக்கும் அருகிலுள்ள ஆணிக்கு விளிம்பு வழியே நடந்து சேருங்கள்.

ஆனால் முழுத் தொகுப்பையும் ஒரேயடியாகக் குலுக்கி அடுக்காதீர்கள். தேர்வான வரிசையில் முதல் கோடுகளின் பயன் பெரிது, கடைசிக் கோடுகளின் பயன் சிறிது. அந்த ஒழுங்கு இருக்கும்வரை, பலகை எதிர்பார்த்ததைவிடக் கருத்தால் கடைசி 150 கோடுகளை விட்டுவிடலாம், இழப்பு பெரிதாகத் தெரியாது. குலுக்கிவிட்டால் கடைசி 150-இல் ஒரு கண்ணே இருக்கலாம். அதனால் 200 கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளேயும் மட்டும் மாற்றி அடுக்குகிறேன்.

சுற்றும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். 2,070 கோட்டுக்கு ஓர் ஆணிக்குச் சராசரி ஒன்பது சுற்றுதான், ஆனால் கூந்தல் பக்கத்து ஆணிகள் சிலவற்றில் 40 சுற்றும் விழலாம். 0.2 மி.மீ. நூல் 40 சுற்று என்றால் 8 மி.மீ. உயரம். ஆகவே ஆணி பலகைக்கு மேலே 12 மி.மீ.-யாவது நிற்க வேண்டும். நூல் துவளாத அளவுக்கு இழுத்தால் போதும். மெல்லிய வளையச் சட்டத்தில் பலமாக இழுத்தால் சட்டம் உள்வாங்கி, முதலில் போட்ட கோடுகள் தொய்ந்துவிடும். கனமான பலகையில் அந்தத் தொல்லை குறைவு. ஆணிகளுக்கு எண் எழுதிப் பத்துக்கு ஒரு நிற அடையாளம் இடுங்கள். ஒரு கோடு ஓர் ஆணி தவறினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த எண்ணிலிருந்து பட்டியல்படி தொடரலாம். எண்ணிக்கையே ஒன்று பிசகி, அதோடு நூறு கோடு போய்விட்டால்தான் அந்த நூறையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

500 கோட்டில் முகம் தெரியாது, அதனால் கண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். பலகையை நேரெதிரே விளக்கு வைத்துப் படமெடுத்து, திரையில் அதே 500-ஆவது கோட்டு நிலையோடு, இரண்டையும் மங்கலாக்கி ஒப்பிடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் நூலின் நிழல் பலகையில் விழுந்து கோடுகள் இரட்டிப்பாகிவிடும், ஒப்பீடு பொய்யாகும். நேர் வெளிச்சத்திலும் பலகை திரையைவிடக் கருத்திருந்தால் நூல் நீங்கள் அளந்ததைவிடத் தடிமன், பெரும்பாலும் பஞ்சு இழைகள் துருத்திக்கொண்டிருக்கும். k-ஐ 0.23, 0.25 என்று உயர்த்தி, 500 கோட்டு நிலை பலகையோடு ஒத்துப்போகும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு போட்ட 500 கோடுகளையும் அந்தப் புதிய k-வோடு தொடக்க `R`-இலிருந்து கழித்துவிட்டு, அங்கிருந்து மீதிக் கோடுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போட்ட நூலைப் பிரிக்க வேண்டியதில்லை.

இப்போதிருக்கும் பலகையை மட்டும் பிரிக்கத்தான் வேண்டும். அதன் 3,000 கோடுகளும் வேறொரு நூலுக்காகத் தேர்ந்தெடுத்தவை, கடைசி ஆயிரத்தை மட்டும் அவிழ்த்தாலும் கன்னத்தைக் கெடுக்கும் கோடுகள் அடியில் இருந்துகொண்டே இருக்கும். ஆணிகளையும் 240-ஆக மாற்றுகிறீர்கள் என்றால் பலகையைத் திருப்பிப் பின்பக்கத்தில் புதிதாக அடியுங்கள். 200 துளைகளுக்கு நடுவே 240-ஐப் பொருத்தினால் சில இடங்களில் மரம் பிளந்து, அங்குள்ள ஆணிகள் நூலின் இழுப்பில் உள்ளே சாயும்.